பிராங்க்பர்ட்டில் ஸ்டால், கரூரில் பொங்கல்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

சென்னையில் பின்னிரவில் ஏறி, காலையில் பிராங்க்பர்ட்டில் இறங்கினோம். நானும் எங்கள் முதலாளியும். நாங்கள் கரூரில் கிச்சன் டவல், ஏப்ரன், பிளேஸ் மேட் செய்து ஏற்றுமதி செய்கிறவர்கள். நான் அங்கே சாம்பிள், ஆர்டர் வேலைகளைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர். ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி செவ்வாய் தொடங்கி வெள்ளி வரை. வீட்டு ஜவுளி விற்கும் கரூர்க்காரர்களுக்கு ஜனவரி என்றால் இந்த ஊர்தான்.

கண்காட்சி வாரத்தில் ஊருக்குள் ஓட்டல் வாடகை பல மடங்கு ஏறிவிடும். அதனால் மைன்ஸ் என்ற பக்கத்து ஊரில் அறை எடுத்திருந்தோம், ரயிலில் முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும் என்பது போன வருடமே பட்ட பாடம். இந்த முறை பெட்டியில் புளிக்காய்ச்சலும் அவலும் இருந்தன.

பெட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சாம்பிள்கள் எல்லாம் டிசம்பரிலேயே ஒரு சரக்கு முகவர் வழியாக மொத்த லோடில் வந்துவிட்டன என்று கேள்வி. ஆனாலும் முக்கியமான பதினெட்டு சாம்பிள்களின் இன்னொரு பிரதியை நான் கையோடு கொண்டுவந்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு வெட்டு, மேலே 'சாம்பிள்' முத்திரை. விற்க முடியாத துணி என்று சுங்கத்தில் காட்ட அதுதான் வழி. "எதுக்கும்மா ரெட்டை வேலை?" என்று முதலாளி கேட்டார். "இருக்கட்டுங்க சார்" என்றேன்.

போன வருடக் கதையைச் சொல்லாமல் இந்த வருட ஏற்பாடு புரியாது. போன ஜனவரியில் 140 விசிட்டிங் கார்டு சேர்த்தோம். பெருமையாக ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோனோம். எல்லா சாம்பிளும் தயாரானதும் ஒரேயடியாக அனுப்பலாம் என்று காத்திருந்து, மூன்று வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல் போட்டோம். இரண்டே பேர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர், "நீங்கள் யார் என்று நினைவில்லை" என்று எழுதியிருந்தார். அவர் மேல் தப்பில்லை. அவர் எதைத் தொட்டுப் பார்த்தார், எத்தனை கேட்டார் என்பது எங்களுக்கும் நினைவில்லை. கார்டில் பேர் மட்டும்தானே இருக்கும்!

ஜனவரி 13, திங்கள் (போகி)

ஊரில் பழையதைக் கொளுத்துகிற நாள். நாங்கள் இங்கே ஸ்டாலுக்கு முன்னால் நிற்கிறோம்.

நாலு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. வெள்ளைப் பலகைச் சுவர், அலுமினியச் சட்டம், மேலே பேர்ப் பலகை, ஒரு மேசை, நாலு நாற்காலி, சில விளக்குகள். கண்காட்சிக்காரர்கள் தருவது அவ்வளவுதான். இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டாலுக்குக் கூடுதல் கட்டணம். நாங்கள் அந்தப் பணத்தை வேறு விதமாகச் செலவழித்தோம். அது கீழே வரும்.

சரக்கு முகவர் அனுப்பிய மூன்று பெட்டியில் இரண்டுதான் ஸ்டாலில் இருந்தது. மூன்றாவது "வந்துகொண்டிருக்கிறது". அதில்தான் சுவரில் மாட்ட வேண்டிய ஏப்ரன்கள். முதலாளி என்னைப் பார்த்தார், நான் கைப்பெட்டியைத் திறந்தேன். அந்தப் பெட்டி புதன் மத்தியானம் வந்து சேர்ந்தது, யாருக்கும் பயனில்லாமல்.

எங்களிடம் அறுபதுக்கு மேல் டிசைன் உண்டு. போன வருடம் அறுபதையும் தொங்கவிட்டோம், ஸ்டால் ஜவுளிக்கடை மாதிரி இருந்தது. நடைபாதையில் போகிறவர் ஒரு ஸ்டாலைப் பார்ப்பது நாலு எட்டு வைக்கும் நேரம்தான். அதற்குள் 'இவர்கள் என்ன செய்கிறவர்கள்' என்று தெரியாவிட்டால் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விடுவார். இந்த முறை பதினெட்டு மட்டும், நிறம் நிறமாக. ஒரே கடுகு மஞ்சளில் டவல், ஏப்ரன், பிளேஸ் மேட், அடுப்புக் கையுறை. அதே போல் நீலம், செங்கல் நிறம், பச்சை. மற்றவை மேசைக்கு அடியில் பெட்டியில். கேட்டால் மட்டும் எடுப்பது.

மூலை ஸ்டாலுக்குக் கொடுக்காத பணத்தில் கூடுதலாக ஐந்து விளக்கு வாங்கினோம். ஜவுளியில் வெளிச்சம் கெட்டால் நிறம் கெட்டது. நம் ஊர் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலம் ஐரோப்பியக் கடை விளக்கில் வேறு வேறாகத் தெரியும். விவரமான பையர்கள் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் தேடிப் போவார்கள்.

கடைசி வேலை, ஒவ்வொரு சாம்பிளிலும் உள்பக்கம் சின்ன அட்டை தைத்தோம். எண், அளவு, எடை, நூல். விலை கிடையாது. விலை என் நோட்டில். பதினெட்டு சாம்பிளுக்கும் மூன்று அளவு ஆர்டருக்கு, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றுவது வரையிலான விலையைக் காஸ்டிங் பார்க்கும் அண்ணன் டிசம்பரிலேயே போட்டுக் கொடுத்திருந்தார்.

ஜனவரி 14, செவ்வாய் (பொங்கல்)

காலை எட்டு மணிக்கும் இருட்டு. கண்காட்சி வாசலில் சுத்தியல் அடிக்கும் மனிதன் சிலை, இருபது மீட்டருக்கு மேல் உயரம், கை மட்டும் மெதுவாக ஏறி இறங்கும். அதைக் கடந்து போகும்போது அம்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு. பானை பொங்கிவிட்டது. "பொங்கலோ பொங்கல்" என்று நானும் முதலாளியும் பிளாட்பாரத்தில் சன்னமாகச் சொல்லிக்கொண்டோம்.

முதல் நாள் காலை கூட்டம் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பெரிய பையர்கள் முதல் இரண்டு நாளில்தான் வருவார்கள், அதுவும் முன்பே நேரம் குறித்துக்கொண்டு. நவம்பர் கடைசியில் 38 பேருக்குத் தனித்தனியாக எழுதியிருந்தேன், பழைய பையர்கள் பாதி, விசாரித்து நின்றுபோனவர்கள் பாதி. பதினோரு பேர் பதில் போட்டார்கள், ஏழு பேர் நேரம் கொடுத்தார்கள். அந்த ஏழில் ஐந்து சந்திப்பு செவ்வாயும் புதனும்.

இனி சீட்டு விஷயம். விசிட்டிங் கார்டு டப்பாவை ஊரிலேயே விட்டுவிட்டேன். அதற்குப் பதில் அரைத்தாள் அளவில் அச்சடித்த சீட்டுக் கட்டு. மேலே கார்டை ஸ்டேப்ளர் போடும் இடம். கீழே ஆறு வரி: இவர் இறக்குமதியாளரா, கடைத் தொடரா, ஏஜென்டா, எந்த எண் சாம்பிளைக் கையில் எடுத்தார், எத்தனை வேண்டும், எப்போது கப்பலில் ஏற வேண்டும், எந்தச் சான்றிதழ் கேட்டார், நாம் என்ன தருவதாகச் சொன்னோம், எந்தத் தேதிக்குள். அவ்வளவுதான்.

ஸ்கேன் செய்யும் செயலி உண்டு, வருகிறவரின் பேட்ஜில் இருக்கும் குறியைப் படமெடுத்தால் பேரும் முகவரியும் வந்துவிடும். நல்லதுதான், எழுத்துப்பிழை வராது. ஆனால் 'நீல டவலை மூன்று முறை தடவிப் பார்த்தார், தடிமன் போதாது என்றார்' என்பதை எந்தச் செயலியும் எழுதாது. அது ஆள் எழுத வேண்டியது, அவர் போன உடனே. பத்து நிமிடம் விட்டால் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார், இரண்டு பேரும் குழம்பிவிடுவார்கள். அதனால் ஒரு ஒப்பந்தம்: முதலாளி பேசுவார், நான் எழுதுவேன். பையர் எழுந்து போகும் முன் அவர் தேர்ந்தெடுத்த துணிகளை மேசையில் வைத்து, மேலே கார்டை வைத்து ஒரு புகைப்படம்.

இன்று பதினாறு சீட்டு. ரயிலில் ஏறியதும் தூங்கிவிட்டோம்.

ஜனவரி 15, புதன் (மாட்டுப் பொங்கல்)

இன்றைக்கு ஒரே ஒரு சந்திப்பைத்தான் விரிவாக எழுதப் போகிறேன்.

டென்மார்க்கில் இருந்து ஒரு இறக்குமதியாளர், கணவன் மனைவியாக வந்தார்கள். சின்னச் சின்னப் பரிசுப்பொருள் கடைகளுக்குச் சரக்குக் கொடுக்கிறவர்கள். அந்த அம்மாள் கோடு போட்ட டவலை எடுத்து, நாலு நிறத்திலும் வேண்டும், ஒரு நிறத்துக்கு ஆயிரம் துண்டு என்றார்.

முதலாளி முகம் சுருங்கியது. காரணம் இதுதான். டவல் 50-க்கு 70 சென்டிமீட்டர், துணியின் எடை சதுர மீட்டருக்கு 200 கிராம். ஒரு துண்டு 70 கிராம். சேதாரம் சேர்த்து 76 கிராம் நூல் என்று வைப்போம். கோடு மட்டும் நிறம், மற்ற இடமெல்லாம் சாயம் போடாத நூல். நிற நூல் முப்பது சதவீதம்தான், துண்டுக்கு 23 கிராம். ஆயிரம் துண்டுக்கு 23 கிலோ. எங்களுக்குச் சாயம் போடுகிறவரோ ஒரு நிறத்துக்கு 100 கிலோவுக்குக் குறைந்து எடுக்க மாட்டார். மீதி 77 கிலோ கடுகு மஞ்சள் நூல் குடோனில் தூங்கும், நாலு நிறத்துக்கும் அதே கதை.

'குறைந்தது நாலாயிரம் துண்டு' என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் பழக்கம். பக்கத்து ஸ்டால்களில் அவர்களுக்கு அந்தப் பதில்தான் கிடைத்ததாம். ஆனால் சுவரில் நிறம் நிறமாக மாட்டியிருந்தது இங்கே உதவியது. அந்த அம்மாள் டவலைக் கேட்டுக்கொண்டே ஏப்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். டவல் ஆயிரத்துக்கு 23 கிலோ. அதே கோட்டில் ஏப்ரன் ஒன்று 200 கிராம், நிறம் 60 கிராம், 600 ஏப்ரனுக்கு 36 கிலோ. முழுக்க நிறத்தில் பிளேஸ் மேட் ஒன்று 90 கிராம், 450-க்கு 40 கிலோ சொச்சம். கூட்டினால் ஏறக்குறைய 100 கிலோ. சாயத் தொட்டி நிறைந்துவிட்டது!

தாளைத் திருப்பி அவர்களிடமே காட்டினேன். 'ஆயிரம் துண்டு டவல் தருகிறோம், கூட இவை வந்தால்.' கணவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வேண்டும், ஜூலையில் கப்பல் ஏற வேண்டும் என்றார். செங்கடல் வழி ஆபத்து என்று கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் காலம் இது. பத்துப் பன்னிரண்டு நாள் கூடுதல் ஆகும் என்று நாங்களே முந்திக்கொண்டு சொல்லி, ஜூன் கடைசி என்று எழுதினோம். துணியில் கெடுதலான ரசாயனம் இல்லை என்று காட்டும் ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் கேட்டார்கள், இருந்தது.

எல்லாம் சரி. எழுந்து போகும்போது, "விலைப் பட்டியல் நாளை வரும்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

என் நோட்டில் இருந்தது டவல் தனி, ஏப்ரன் தனி விலை. இந்தக் கூட்டணிக்குச் சின்ன அளவில் தறி மாற்றும் கூலி, தையல் கூலி எல்லாம் புதிதாகப் போட வேண்டும். அதைப் போடத் தெரிந்த அண்ணன் எங்கே? இன்று மாட்டுப் பொங்கல். கம்பெனியை ஆறு நாள் பூட்டிவிட்டு வந்திருக்கிறோம், திங்கட்கிழமைதான் திறக்கும்.

ஆறு வாரம் திட்டம் போட்டு, விளக்கு வரைக்கும் யோசித்த நான் இதை யோசிக்கவில்லை. கண்காட்சித் தேதியும் பொங்கலும் ஒன்றாக வருகிறது என்று காலண்டரைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாலில் நிற்பதற்கு ஆள் போட்டோம், ஊரில் பதில் சொல்வதற்கு ஆள் போடவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே இரவு ஏழரை. மாமியார் வீட்டில், பின்னணியில் மாட்டுக்குக் கட்டிய மணிச் சத்தம். "லேப்டாப் கரூர்ல இருக்குதும்மா" என்றார். பிறகு அவரே, "சரி, அளவெல்லாம் வாட்ஸ்அப்புல போடு, நாளைக்குப் போய் எடுத்துப் பார்க்கறேன்" என்றார்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கலை விட்டுவிட்டு அண்ணன் கரூர் போய், இங்கே மணி பதினொன்றுக்கு விலையை அனுப்பினார். பன்னிரண்டுக்குள் அதை டென்மார்க்காரர்களுக்கு அனுப்பினேன், நேற்று எடுத்த புகைப்படத்தோடு. 'நேற்று நீங்கள் மேசையில் வைத்த மூன்றும் இவை' என்று ஒரு வரி. அவர்கள் இன்னும் அரங்கத்துக்குள்தான் நடந்துகொண்டிருந்தார்கள். மாலையில் கடந்து போகும்போது அந்த அம்மாள் கைபேசியை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

இன்று கூட்டம் பரவாயில்லை. கணிசமானவர்கள் நமக்கு விற்க வந்தவர்கள்: சரக்குக் கப்பல் ஏஜென்ட், சான்றிதழ் நிறுவனம், மென்பொருள். இவர்களுக்கும் சீட்டு எழுதினால் எண்ணிக்கை கூடும், வேறொன்றும் கூடாது.

இரவு அறையில் சீட்டுகளைத் தரம் பிரித்தோம். எண்ணிக்கையும் தேதியும் சொன்னவர் ஏ. பொருளைத் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கை சொல்லாதவர் பி. கார்டு மட்டும் கொடுத்தவர் சி. இதில் முதலாளிக்கும் எனக்கும் சண்டை. பெரிய கடைத் தொடரின் ஆள் ஒருவர் ஐந்து நிமிடம் நின்று பாராட்டிவிட்டுப் போனார், அவரை ஏ-யில் போடச் சொன்னார் முதலாளி. "என்ன கேட்டாருங்க சார்?" என்றேன். யோசித்துப் பார்த்து, அவரே சி-யில் வைத்தார்.

ஜனவரி 17, வெள்ளி

கடைசி நாள். மத்தியானத்துக்கு மேல் ஆள் இல்லை. முன்கூட்டியே கழற்றக் கூடாது என்பது விதி, கண்காட்சி முடியும் வரை இருக்க வேண்டும். சாம்பிளை விலைக்குக் கேட்டுச் சிலர் வந்தார்கள், கொடுக்கவில்லை.

மொத்தம் 61 சீட்டு. ஏ ஒன்பது, பி இருபத்தொன்று, சி முப்பத்தொன்று. ஏ ஒன்பது பேருக்கும் அங்கிருந்தே எழுதியாகிவிட்டது.

ஜனவரி 20, திங்கள், கரூர்

கம்பெனி திறந்ததும் முதல் வேலை சீட்டுகளைச் சுவரில் ஒட்டியது. போர்டில் மூன்று கட்டம்: இந்த வாரம் போக வேண்டியது, தறியில் இருப்பது, பதிலுக்குக் காத்திருப்பது. பி இருபத்தொரு பேருக்கும் இன்றும் நாளையும், அவரவர் எடுத்த சாம்பிள் எண்ணோடு தனித்தனிக் கடிதம். சி முப்பத்தொரு பேருக்கு எதுவும் அனுப்பவில்லை. 'ஒரு கேட்லாக் தட்டிவிட்டா என்ன?' என்று மார்க்கெட்டிங் தம்பி கேட்டான். கேட்காதவருக்கு விளம்பர மின்னஞ்சல் அனுப்புவது ஜெர்மனியில் சட்டப்படி தவறு. கார்டு கொடுத்தது சம்மதம் ஆகாது.

பிப்ரவரி 14, வெள்ளி

டென்மார்க் சாம்பிள் ஜனவரி 31-ஆம் தேதி, சீட்டில் எழுதிய அதே நாளில், கூரியரில் போனது. கூரியர் எண்ணை அனுப்பியதற்கு 'நன்றி' என்று ஒரு வார்த்தை வந்தது. அப்புறம் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. முதலாளி தினமும் என் மேசைப் பக்கம் வந்தார். "ஒரு வரி கேட்டுப் பாரும்மா, என்னாச்சுன்னு."

நான் கேட்கவில்லை. பிப்ரவரி 7 முதல் 11 வரை அதே பிராங்க்பர்ட்டில் ஆம்பியென்ட்டே கண்காட்சி. சமையலறை, பரிசுப்பொருள் வாங்குகிற இவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அந்த வாரத்தில் போகும் கடிதம் நூறோடு நூற்றொன்று. அதுவும் 'ஏதாவது தகவல் உண்டா?' என்ற கடிதத்துக்கு யாருக்கும் பதில் எழுதத் தோன்றாது, அதில் பதில் சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் ஊர் திரும்பி மூச்சு விடட்டும் என்று இன்றைக்கு எழுதினேன். நீலத்தை இரண்டு சாயலில் நூலில் போட்டு, பகல் வெளிச்சத்தில் எடுத்த படம். 'இதில் எது உங்களுக்கு?' ஒரே கேள்வி.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இடது பக்கம். கூடவே, டவலில் இரண்டு சென்ட் குறையுங்கள்.

மார்ச் 6, வியாழன்

டவலில் ஒரு சென்ட் குறைத்தோம். இன்று ஆர்டர் வந்தது. நீலம், செங்கல், பச்சை என மூன்று நிறம், ஒவ்வொன்றிலும் டவல் ஆயிரம், ஏப்ரன் 600, பிளேஸ் மேட் 450. கடுகு மஞ்சள் வேண்டாமாம். ஸ்டாலில் நின்ற நாலு நாளும் நடைபாதையில் போனவர்களை உள்ளே இழுத்தது அந்த மஞ்சள்தான்.